நம்பிக்கையைக் கெடுத்த தோழியிடம் கேட்பதா, விடுவதா: வாளையும் கோப்பையையும் ஜோடியாக வைத்துப் படிக்கும் முறை

சேலத்தில் என்னிடம் டாரட் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை, கல்யாணம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசியபிறகு, உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி வெளியே வரும். "அக்கா, கூடவே பழகினவ இப்படிப் பண்ணிட்டா. நேர்லயே கேட்டுடட்டுமா, இல்ல விட்டுடட்டுமா?" இந்தக் கேள்விக்கு 78 கார்டையும் கலக்கி விரிப்பதில்லை. வாள், கோப்பை என்ற இரண்டு வகைக் கார்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக மூன்று ஜோடி வைக்கிறேன். அந்த முறையை முழுதாக இங்கே எழுதுகிறேன். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பார்த்ததையும், அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி கூடவே சொல்கிறேன்.

ஏன் இந்த இரண்டு மட்டும்

டாரட்டில் சின்ன கார்டுகள் நான்கு வகை: கோல், கோப்பை, வாள், காசு. வகைக்கு 14 வீதம் 56. வாள் என்பது காற்று. பேச்சு, உண்மை, யோசனை, முடிவு எல்லாம் அதில் அடங்கும். கோப்பை என்பது தண்ணீர். பாசம், பழைய நினைவு, மனத்தாங்கல் எல்லாம் அதில். நம்பிய ஒருவர் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டால், நடந்தது என்ன என்ற கேள்வி வாள் பக்கம் இருக்கிறது. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி கோப்பை பக்கம் இருக்கிறது. கேட்பதா வேண்டாமா என்ற முடிவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இயங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழு, பக்கத்துப் பக்கத்தில் விழும் கார்டுகள் ஒன்றை ஒன்று எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தது. அதன்படி கோலும் கோப்பையும் பகை, வாளும் காசும் பகை. வாளும் கோப்பையும் நட்பு. ஒன்று மற்றதை அழிக்காது, நிறம் மட்டும் மாற்றும். அதனால் ஒரு வாளையும் ஒரு கோப்பையையும் ஜோடியாகப் படிக்கும்போது எதையும் தள்ளிவிட வேண்டியதில்லை, இரண்டுமே பேசும். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. முழுக் கட்டிலிருந்து ஆறு கார்டு எடுத்தால், இந்த இரண்டு வகையிலிருந்து சராசரியாக இரண்டு கார்டுதான் வரும். மற்றதெல்லாம் வேறு விஷயம் பேசும்.

கட்டு எது என்றால், 1909-இல் லண்டனில் வந்த ரைடர் கட்டையோ அதன் படங்களை அப்படியே வைத்திருக்கும் கட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. சின்ன கார்டு ஒவ்வொன்றிலும் அவர் ஒரு காட்சியை வரைந்திருக்கிறார். ஏழு வாளை வெறுமனே அடுக்கி வைத்த கட்டில் இந்த முறை வேலை செய்யாது, ஏனென்றால் நாம் படிக்கப்போவது படத்தில் இருக்கிற ஆட்களின் கையையும் பார்வையையும்.

முதலில் பேப்பர், அப்புறம் கார்டு

ஒரு தாளில் மூன்று வரி எழுதச் சொல்வேன். நானே பார்த்தது, கேட்டது என்ன. மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது என்ன. நானாக நினைத்துக்கொண்டது என்ன. இதைச் செய்யாமல் கார்டைத் தொடுவதே கிடையாது. கோபத்தில் இருக்கும்போது இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியே கார்டு வைத்தால், நாம் நினைத்துக்கொண்டதற்கெல்லாம் படம் சாட்சி சொல்வதுபோலத் தெரியும்.

அம்மாபேட்டைப் பெண் எழுதியது இது. அவரும் கணவரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்த தோழியிடம் மட்டும் அதைச் சொன்னார். சிகிச்சை நடக்கிறது என்பதையும், குறை கணவர் பக்கம் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். ஒரு மாதம் கழித்து அந்தத் தோழியின் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. அங்கே தோழியின் சித்தி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போறியாமே, எல்லாம் நல்லபடியா நடக்கும்மா" என்றார். முதல் வரியில் எழுத வேண்டியது அந்த ஒரு வாக்கியம் மட்டும். தோழி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் என்பது மூன்றாவது வரியில் போக வேண்டியது. அவர் அதை முதல் வரியில் எழுதியிருந்தார், எடுத்து மூன்றாவதில் போட்டோம்.

கேள்வியையும் எழுதிக்கொள்ள வேண்டும். "அவள் சொன்னாளா?" என்று கார்டிடம் கேட்காதீர்கள். கார்டு சாட்சி கிடையாது. அதை வைத்து ஒருவர் மேல் பழி போடக்கூடாது. "அவள் மனசுல என்ன இருக்கு?" என்பதும் வேண்டாம், இந்த ஜோடிகள் கேட்கிறவரின் பக்கத்தைத்தான் காட்டும். "இதை அவளிடம் பேசினால் எதற்காகப் பேசுகிறேன், எப்படிப் பேச வேண்டும்?" என்று கேட்டால் பதில் வரும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. தோழியோ நண்பரோ உங்கள் படத்தையோ மெசேஜையோ வைத்து மிரட்டுகிறார் என்றால் அது கார்டு வைக்கிற விஷயம் அல்ல. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு நேராகக் காவல் நிலையம் போக வேண்டும்.

கார்டு வைக்கும் முறை

வாள் 14, கோப்பை 14 என்று இரண்டு கட்டாகப் பிரியுங்கள். தனித்தனியாகக் கலக்குங்கள். எல்லாக் கார்டும் நேராக இருக்கட்டும். தலைகீழ் அர்த்தம் இந்த முறையில் தேவையில்லை, மேலே இருப்பதைக் கீழே இருப்பது மாற்றும் வேலையே போதுமானது.

வாள் கட்டிலிருந்து மூன்றை இடமிருந்து வலமாக ஒரு வரிசை வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் கோப்பைக் கட்டிலிருந்து ஒன்று. இப்போது மூன்று ஜோடி இருக்கும். முதல் ஜோடி நடந்தது. இரண்டாவது, இப்போது என் கையில் இருப்பது. மூன்றாவது, பேச்சு.

படிக்கும் வரிசை முக்கியம். முதல் ஜோடியில் வாளை முதலில் பாருங்கள், நடந்ததில் உண்மைதான் முந்த வேண்டும். இரண்டாவது ஜோடியில் கோப்பையை முதலில் பாருங்கள், கையில் இருப்பது உணர்ச்சி. மூன்றாவதில் இரண்டையும் ஒரே படம்போல ஒன்றாகப் பாருங்கள்.

எது முன்னால் ஓடிவிட்டது

படத்துக்குள் போகும் முன் எண்களைப் பாருங்கள். ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு வகை முழுப் பயணம் போகிறது. ஒரு ஜோடியில் வாளின் எண் பெரிதாகவும் கோப்பையின் எண் சின்னதாகவும் இருந்தால், மனசு இன்னும் ஆரம்பத்தில் நிற்கிறது, புத்தி வழக்கு நடத்தித் தீர்ப்பே எழுதிவிட்டது. வாள் பத்தும் கோப்பை இரண்டும் சேர்ந்து வந்தால், உறவு முடிந்துவிட்டது என்று தலை சொல்கிறது, உள்ளே இன்னும் அந்த ஆள் வேண்டும். இப்படி வந்தவர்கள் அன்றைக்கே பேசினால், பேச வந்ததை விட்டுவிட்டுக் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது. கோப்பை பெரிது, வாள் சின்னது. உதாரணமாக வாள் இரண்டும் கோப்பை எட்டும். வாள் இரண்டில் கண்ணைக் கட்டிக்கொண்ட பெண் இரண்டு வாளையும் மார்பின் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள், எதையும் பார்க்கவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். கோப்பை எட்டில் ஒருவன் அடுக்கி வைத்த கோப்பைகளுக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் நடந்துகொண்டிருக்கிறான். மனசு எப்போதோ கிளம்பிவிட்டது, வாய்தான் இன்னும் சொல்லவில்லை. இவர்களிடம் "கேட்டு என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வரும். கேட்காமல் விட்டால் அந்த நட்பு சத்தமில்லாமல் செத்துப்போகும். அது சம்மதம் என்றால் சரி, ஆனால் அது ஒரு முடிவு என்று தெரிந்தே எடுக்க வேண்டும்.

எண் வித்தியாசம் ஒன்று, இரண்டு என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றோ அதற்கு மேலோ போனால்தான் கவனிக்கிறேன். ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன் வந்தால் எண் இல்லை, அந்த ஆளின் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். வாள் குதிரைவீரன் நாலுகால் பாய்ச்சலில் போகிறான், கோப்பைக் குதிரைவீரன் நடை போடுகிறான். இந்த வேக வித்தியாசமே பாதிப் பதில்.

அந்தப் பெண்ணுக்கு விழுந்த மூன்று ஜோடி

முதல் ஜோடி: வாள் ஏழு, கீழே கோப்பை மூன்று. பார்த்ததும் அவர், "பாருங்கக்கா, திருட்டுத்தனம் வந்துடுச்சு" என்றார். வாள் ஏழில் ஒருவன் கூடாரங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஐந்து வாளை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான், முகம் மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. கோப்பை மூன்றில் மூன்று பெண்கள் கோப்பையை உயர்த்திக்கொண்டு கூடி ஆடுகிறார்கள். ஒப்படைத்த பொருள் வெளியே போனதும், பெண்கள் கூடிய வீட்டில் அது தெரிந்ததும் அப்படியே இருக்கிறது. ஆனால் இதெல்லாம் அவருக்கு ஏற்கனவே தெரிந்தது. தெரிந்ததைக் கார்டு திரும்பச் சொல்வதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த இடத்தில் பெரும்பாலும் நடக்கும் தப்பு.

படம் புதிதாக என்ன தருகிறது என்று தேட வேண்டும். வாள் ஏழில் இரண்டு வாள் தரையில் குத்தியபடி அங்கேயே நிற்கின்றன. எல்லாவற்றையும் அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் அவரிடம் கேட்டேன்: "நீ அவகிட்ட சொன்னது ரெண்டு விஷயம். சித்தி கேட்டது எது?" கொஞ்ச நேரம் யோசித்தார். சித்தி ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் சொன்னார். கணவர் பக்கம் குறை என்பது எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த இரண்டாவது விஷயம்தான், கணவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். அது வெளியே போனதற்கு அவரிடம் ஒரு தடயமும் இல்லை. தாளில் அதையும் மூன்றாவது வரிக்கு மாற்றினார்.

இரண்டாவது ஜோடி: கோப்பை ஆறு, மேலே வாள் ஒன்பது. கோப்பையை முதலில் பார்த்தோம். பழைய வீட்டு முற்றத்தில் கொஞ்சம் பெரிய பையன் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பூ வைத்த கோப்பையை நீட்டுகிறான். இது சின்ன வயசு நினைவின் கார்டு. அவர் உடனே பேச ஆரம்பித்தார், ஸ்கூல் விட்டு வரும்போது தட்டுவடை செட் ஒரு தட்டு வாங்கி இரண்டு பேரும் பாதி பாதி சாப்பிட்டது, தோழியின் அம்மா இவருக்கும் சேர்த்துத் தலை பின்னிவிட்டது. கையில் மிச்சம் இருப்பது இது. சின்னதல்ல.

மேலே வாள் ஒன்பது. இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் உருவம். ஒன்பது வாளும் பின்னால் இருட்டில் படுக்கைவாட்டில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றுகூட அந்த உடம்பில் குத்தவில்லை. வாள் மூன்றில் இதயத்தில் குத்தியிருக்கிறது, வாள் பத்தில் முதுகில் குத்தியிருக்கிறது, ஒன்பதில் மட்டும் நினைப்புதான் வதைக்கிறது. ஆறுக்கு ஒன்பது, மூன்று எண் வித்தியாசம். தலை முன்னால் போய்விட்டது, ஆனால் ரொம்பத் தூரம் போகவில்லை. இந்த நிலையில் பேசலாம், ராத்திரியில் மெசேஜ் மட்டும் அனுப்பக்கூடாது. வாள் ஒன்பது கையில் இருக்கும்போது இரவு பதினோரு மணி வாய்ஸ் மெசேஜ் என்பது அந்த ஒன்பது வாளையும் ஒரே மூச்சில் வீசுவது.

மூன்றாவது ஜோடி: வாள் ராணி, கீழே கோப்பை ஐந்து. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ராணி வலது கையில் வாளை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள், ஓங்கவில்லை. இடது கையை முன்னால் நீட்டியிருக்கிறாள். வா, சொல் என்கிற கை அது. கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் கவிழ்ந்த மூன்று கோப்பையைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பை நிமிர்ந்து நிற்கின்றன. தூரத்தில் ஆற்றின் மேல் ஒரு பாலமும் இருக்கிறது.

நான் இதை இப்படிப் படித்தேன். பேசலாம். ஆனால் கவிழ்ந்ததைத் திரும்பக் கேட்கப் பேசக்கூடாது. சிகிச்சை விஷயம் வெளியே போனது போனதுதான், மன்னிப்புக் கேட்டாலும் அது உள்ளே திரும்பி வராது. பேசுவதற்கான காரணம் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோப்பை. ஒன்று, இரண்டாவது விஷயம் இனிமேலும் வெளியே போகாமல் இருப்பது. இன்னொன்று, கோப்பை ஆறில் பார்த்த அந்த உறவு. முதல் ஜோடியில் தரையில் நின்ற இரண்டு வாளும் இங்கே நிற்கும் இரண்டு கோப்பையும் எதிரெதிரே இருப்பதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு விரிப்பில் ஒரே எண்ணிக்கை வாளிலும் கோப்பையிலும் திரும்ப வந்தால் நான் அதைத்தான் பேச்சின் மையமாக வைப்பேன்.

மூன்றாவது ஜோடி வேறு மாதிரி வந்தால்

வாள் ஐந்து வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே எந்தக் கோப்பை இருந்தாலும். அதில் ஒருவன் வாள்களைப் பொறுக்கிக்கொண்டு சிரிக்கிறான், இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வாக்குவாதத்தில் ஜெயிப்பீர்கள், ஆள் இருக்கமாட்டார். கீழே கோப்பை பத்து இருந்தால் இரண்டு குடும்பமும் இதில் இழுபடும் என்று நான் எச்சரிப்பேன், நம் ஊரில் தோழிகள் சண்டை அம்மாக்கள்வரை போகாமல் நிற்பது அபூர்வம்.

வாள் நான்கு வந்தால் காத்திருங்கள். கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரனின் சிலை அது. அடுத்த அமாவாசையோ பௌர்ணமியோ வரை என்று ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், நாள் குறிக்காத காத்திருப்பு வாள் இரண்டாகிவிடும். வாள் குதிரைவீரனும் கோப்பைச் சேவகனும் சேர்ந்து வந்தால், பேசப்போகிற வேகத்துக்கும் தாங்கும் சக்திக்கும் பொருத்தமில்லை. எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வாள் பத்தும் கோப்பை எட்டும் வந்தால் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை, விலகிவிடலாம், அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

வாள் மூன்றைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். மூன்று வாள் குத்திய இதயம், பின்னால் மழை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டான சோலா புஸ்காவிலேயே மூன்று வாள் குத்திய இதயம் இருக்கிறது. அது வலியின் கார்டு. துரோகம் நடந்தது என்று அது சொல்லவில்லை, வலித்தது என்று சொல்கிறது. மூன்றாவது இடத்தில் வந்தால், பேச்சில் உங்களுக்கோ அவருக்கோ அழுகை வரும் என்று தெரிந்துகொண்டு, ஆள் நடமாட்டம் அதிகமில்லாத இடமாகப் பாருங்கள்.

கார்டிலிருந்து வாக்கியத்துக்கு

விரிப்பை எடுத்து வைப்பதற்கு முன், சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை எழுதிவிட வேண்டும். அதற்கான அளவு இதுதான்: முதல் ஜோடியிலிருந்து ஒரு உண்மை, இரண்டாவதிலிருந்து ஒரு உணர்ச்சி, மூன்றாவதிலிருந்து ஒரு கோரிக்கை. தாளின் முதல் வரியில் இல்லாத எதுவும் அந்த உண்மையில் வரக்கூடாது. அவர் எழுதியது: "நான் ஆஸ்பத்திரி போறது உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன், வளைகாப்புல உங்க சித்தி அதைக் கேட்டாங்க. எனக்கு ரெண்டு வாரமா தூக்கமே இல்ல. அவரோட விஷயம் யார்கிட்டயும் போகக்கூடாது, அதை மட்டும் எனக்குச் சொல்லு." அப்புறம் வாயை மூடிக்கொண்டு, ராணியின் இடது கைபோல, அவளைப் பேசவிட வேண்டும்.

இடமும் ஜோடியிலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு கூட்டிக்கொண்டு போய், ஏரிப் பக்கம் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம் என்று அவருக்கு ஆசை. மூன்றாவது ஜோடியில் கோப்பை ராஜாவோ கோப்பை இரண்டோ இருந்து மேலே சின்ன வாள் இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். வாள் ராணி சுருக்கமாகப் பேசி எழுந்துவிடுகிறவள். மலைக்குப் போனால், பேச்சு கசந்தபிறகும் அதே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும். அதனால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில், சாயங்காலம், அரை மணி நேரம் என்று முடிவு செய்தோம். அவரவர் வண்டியில் வந்து அவரவர் வண்டியில் போகலாம்.

தோழி மறுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னாளாம், "கோயில்ல வேண்டிக்கம்மா" என்று. அம்மா தங்கச்சியிடம் சொல்லிவிட்டார். கணவர் விஷயத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். இதை நம்புவதா என்று அந்தப் பெண் மறுநாள் போன் செய்து, திரும்பக் கார்டு வைக்கச் சொன்னார். வைக்கவில்லை.

ஒரே கேள்விக்கு மறுபடி விரித்தால், பிடித்த பதில் வரும்வரை விரித்துக்கொண்டே இருப்போம். பேச்சுக்கு முன்னால் ஒரு விரிப்பு, பேச்சுக்குப் பின்னால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு ஜோடி, அவ்வளவுதான். அந்த இரண்டு வாரத்தில் அதே தாளில் முதல் வரிக்குக் கீழே புதிதாக நேரில் பார்த்தது, கேட்டது ஏதாவது இருந்தால் மட்டும் எழுதச் சொன்னேன். அவர் கொண்டுவந்தபோது அதில் ஒரு வரிதான் இருந்தது: தோழியின் அம்மா வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். அன்றைக்கு எடுத்த ஜோடி வாள் ஆறும் கோப்பை நான்கும். வாள் ஆறில் படகு நகர ஆரம்பித்திருக்கிறது, கோப்பை நான்கில் நீட்டுகிற கோப்பையை வாங்க இன்னும் மனசு வரவில்லை. அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்றேன். அடுத்த பண்டிகைக்குத் தோழி பலகாரம் கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம், இன்னொரு ரகசியம் சொல்ல மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.